பதினெட்டு ஆண்டு இடைவெளியும் அரை மணி நேரப் பிழையும்

ஐயா, நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். எனக்கு வயது 29. நான் மணக்க விரும்புபவருக்கு 47. இருவரும் பினாங்கில் பிறந்தவர்கள். எங்கள் ஜோதிடர் 10க்கு 7 பொருத்தம் இருப்பதாகச் சொன்னார். ஆனால் 2036இல் தசா சந்தி வருகிறது, அவருக்குச் செவ்வாய் தோஷம் உண்டு, வயது வித்தியாசம் பெரிது என்பதால் மாங்கல்ய பலமும் யோசிக்க வேண்டும் என்கிறார். கோலாலம்பூரில் எண் கணிதம் பார்ப்பவர் ஒருவர், 18இன் கூட்டு 9, அது செவ்வாயின் எண், சண்டையில்தான் முடியும், பெயரை மாற்றுங்கள் என்கிறார். உடன் வேலை செய்யும் சீனத் தோழி, எலிக்கும் குதிரைக்கும் ஆகாது என்கிறாள். அம்மா அழுகிறார். வயது வித்தியாசத்தை ஜாதகம் உண்மையில் எப்படிப் பார்க்கிறது? இருவருடைய ஜாதக நகல்களையும் இணைத்திருக்கிறேன்.
— பட்டர்வொர்த் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பத்துப் பொருத்தத்தில் வயதுக்கு இடமே இல்லை. தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசியதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை ஆகிய பத்தும் இருவருடைய ஜன்ம நட்சத்திரத்தையும் ராசியையும் மட்டுமே வைத்து எண்ணப்படுபவை. உங்களுடையது அஸ்வினி, அவருடையது சுவாதி. அஸ்வினியிலிருந்து எண்ணினால் சுவாதி 15ஆவது நட்சத்திரம் என்பதால் தினமும் ஸ்திரீ தீர்க்கமும் அமைகின்றன. இரண்டும் தேவ கணம். மேஷத்துக்குத் துலாம் ஏழாம் ராசி. அவற்றின் அதிபதிகளான செவ்வாயும் சுக்கிரனும் ஒருவருக்கொருவர் சமம். உங்களுக்குப் பாத ரஜ்ஜு, அவருக்குக் கழுத்து ரஜ்ஜு என்பதால் அங்கும் தட்டவில்லை, வேதையும் இல்லை. குதிரைக்கும் எருமைக்கும் பகை என்பதால் யோனியும், கூடவே மகேந்திரமும் வசியமும் விட்டுப்போகின்றன. ஆக, உங்கள் ஜோதிடர் சொன்ன 7 சரியான கணக்குதான்.

ஆனால் அந்தக் கணக்கில் பிறந்த ஆண்டு எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். சந்திரன் ஏறத்தாழ 27 நாளுக்கு ஒருமுறை சுவாதிக்கு வந்துவிடுகிறது. 1978இல் பிறந்த சுவாதிக்காரரும் 1995இல் பிறந்த சுவாதிக்காரரும் உங்கள் அஸ்வினிக்கு வாங்கும் மதிப்பெண் ஒன்றேதான். வயதை நம் பெரியவர்கள் பஞ்சாங்கத்தைத் திறப்பதற்கு முன்பே, பெண் கேட்டு வந்தவரை உட்காரவைத்துப் பார்த்தபோதே பார்த்துவிட்டார்கள் என்பதால் அதற்கென்று தனியாக ஓர் எண்ணிக்கை தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம். எப்படியானாலும், "வயது வித்தியாசத்தால் பொருத்தம் குறைகிறது" என்று யாராவது சொன்னால், பத்தில் எந்தப் பொருத்தத்தில் குறைகிறது என்று கேளுங்கள். அவரால் காட்ட முடியாது.

வயது ஜாதகத்துக்குள் நுழையும் வாசல் வேறு. அது தசா புத்தி. நட்சத்திரம் எந்தத் தசையில் வாழ்க்கை தொடங்குகிறது என்பதைச் சொல்கிறது. பிறந்த ஆண்டு அந்தத் தசைகள் நாட்காட்டியில் எங்கே விழுகின்றன என்பதைச் சொல்கிறது. ஆகவே ஒரே நட்சத்திர ஜோடியானாலும், வயது இடைவெளி 3 ஆண்டா 18 ஆண்டா என்பதைப் பொறுத்து இருவருடைய தசை மாற்றங்களும் அருகருகே வரலாம், விலகியும் போகலாம். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் தசை மாறுவதைத்தான் தசா சந்தி என்கிறோம். ஒருவர் தடுமாறும்போது மற்றவராவது நிலையாக நிற்க வேண்டும் என்பதே அந்த விதியின் கருத்து. மாற்றங்களுக்கு நடுவே ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் சந்தி என்று கொள்வோர் உண்டு. ஓராண்டு இடைவெளி வேண்டும் என்போரும் உண்டு. உங்கள் ஜோதிடர் தம் தாளில் ஆறு மாதக் கணக்கையே எழுதியிருக்கிறார்.

இப்போது உங்களவருடைய ஜாதக நகலின் வலது மேல் மூலையைப் பாருங்கள். பிறந்த தேதிக்கும் ஊருக்கும் கீழே சிறிய எழுத்தில் GMT+8:00 என்று அச்சாகியிருக்கிறது. 1978இல் பினாங்கில் அந்த நேரம் வழக்கில் இல்லை. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அப்போது GMT+7:30 என்ற கணக்கில் ஓடியது; சபா, சரவாக்குடன் நேரத்தை ஒன்றாக்குவதற்காக 1982 ஜனவரி 1 முதல்தான் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. ஐம்பதைத் தாண்டிய பினாங்குக்காரர்களைக் கேட்டால், 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்கே புத்தாண்டு பிறந்த கதையைச் சொல்வார்கள். நீங்கள் 1996இல் பிறந்தவர் என்பதால் உங்கள் தாளில் இருக்கும் GMT+8:00 சரியானது. அவருடைய தாளில் அதுவே பிழை. இரண்டு ஜாதகங்களையும் ஒரே கைப்பேசிச் செயலியில், ஒரே அமைப்பை மாற்றாமல் கணித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

வயது இடைவெளி பெரிதாக உள்ள மலேசிய ஜோடிகளின் ஜாதகங்களில் நான் அடிக்கடி காணும் பிழை இது. இருவரும் 1982க்குப் பிறகு பிறந்திருந்தால் இந்தச் சிக்கலே எழாது. ஒருவர் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கமும் மற்றவர் இந்தப் பக்கமும் பிறந்திருக்கும்போது, ஒருவருடைய ஜாதகம் மட்டும் அரை மணி நேரம் தள்ளிப்போகிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் பஞ்சாங்கத்தை வைத்துக் கையால் எழுதும்போதும் இதே கதைதான். அதிலுள்ள நாழிகை இந்திய நேரத்துக்கானது. 1982க்கு முன்பு பினாங்கில் பிறந்தவருக்கு இரண்டு மணி நேரமும், பின்பு பிறந்தவருக்கு இரண்டரை மணி நேரமும் கழிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே கழிவைப் போடும் பழக்கம் நம்மில் பலருக்கு இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படிப் போட்டிருக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அரை மணி நேரம் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. அரை மணி என்பது ஒரு நாளில் 48இல் ஒரு பங்கு. சுவாதியில் பிறந்தவருக்குத் தொடக்கம் ராகு தசை, அது 18 ஆண்டு. 18 ஆண்டில் 48இல் ஒரு பங்கு நாலரை மாதம். அவர் பிறந்த உண்மையான கணம் செயலி எடுத்துக்கொண்ட கணத்தைவிட அரை மணி நேரம் பிந்தியது. அதாவது சந்திரன் சுவாதியில் இன்னும் கொஞ்சம் முன்னே போயிருந்தது. எனவே பிறப்பில் மிச்சமிருந்த ராகு தசை நாலரை மாதம் குறைகிறது. அதன் பிறகு வரும் ஒவ்வொரு தசையும் நாலரை மாதம் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது.

அவர் தாளில் புதன் தசை முடிந்து கேது தசை தொடங்குவது 2036 அக்டோபர் நடுப்பகுதி என்று இருக்கிறது. சரியான நேரத்தைப் போட்டால் அது 2036 ஜூன் தொடக்கத்துக்கு வந்துவிடுகிறது. உங்களுக்குச் சந்திர தசை முடிந்து செவ்வாய் தசை தொடங்குவது 2036 டிசம்பர் நடுப்பகுதி. தவறான தாளின்படி இரண்டுக்கும் இடையே இரண்டு மாதம். திருத்திய கணக்கின்படி ஆறரை மாதம். உங்கள் ஜோதிடர் வைத்திருக்கும் ஆறு மாத விதியின்படியே பார்த்தாலும் அவர் சொன்ன சந்தி அங்கே இல்லை.

ஆறரை மாதம் கிடைத்துவிட்டது என்று நீங்கள் மகிழ்ந்துவிடவும் வேண்டாம். பிறந்த நேரத்தைச் செவிலியர் பத்து நிமிடம் முன்பின்னாகக் குறித்திருந்தால், ராகு தசையில் அது ஒன்றரை மாதம் ஆகிவிடும். வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒருவருக்கும் திருக்கணிதத்தில் மற்றவருக்கும் கணித்திருந்தால், நட்சத்திரம் முடியும் நேரமே மணிக்கணக்கில் வேறுபடலாம். பிறப்பிலிருந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தள்ளி விழும் ஒரு மாற்றத்தை மாதக்கணக்கில் அறுதியிட்டு, அதை நம்பி ஒரு திருமணத்தைத் தடுக்கும் அளவுக்கு இந்த அளவுகோல் நுட்பமானதல்ல. இருவர் ஜாதகமும் ஒரே பஞ்சாங்கத்தில், அவரவர் காலத்துக்குரிய மணிக்கணக்கில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே நான் உறுதியாகச் சொல்லக்கூடியது.

செவ்வாய் தோஷமும் அந்த அரை மணி நேரத்திலிருந்தே வந்தது. லக்னம் நான்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகரும். 30 நிமிடத்தில் ஏழரைப் பாகை, அதாவது ஒரு ராசியின் கால் பங்கு. அவர் தாளில் கடக லக்னம் 26 பாகை என்று இருக்கிறது. திருத்தினால் சிம்மத்தின் நான்காம் பாகைக்கு அருகே வருகிறது. செவ்வாய் சிம்மத்தில் இருக்கிறது. கடக லக்னமென்றால் அது இரண்டாமிடம், தோஷக் கணக்கில் சேரும். சிம்ம லக்னமென்றால் லக்னத்திலேயே இருக்கிறது, நம்மவர் வழக்கமாக எண்ணும் 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் அது வராது. கடகத்துக்கும் சிம்மத்துக்கும் செவ்வாய் யோகாதிபதி என்பதால் தோஷமே இல்லை என்று விலக்குச் சொல்வோரும் இருக்கிறார்கள். சுக்கிரனிலிருந்து எண்ணிப் பார்த்துவிட்டு மீண்டும் தோஷம் என்போரும் இருப்பார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. அவர் கடக லக்னக்காரரே அல்லர் என்பதை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். லக்னம் மாறினால் பன்னிரண்டு வீடுகளும் மாறுகின்றன, அந்தத் தாளை வைத்துச் சொன்ன எல்லாப் பலனையும் புதிதாகப் பார்க்க வேண்டும்.

தசைகளை எடுத்துவிட்டபடியால் இன்னொன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் ஜோதிடர் அதைக் குறிப்பிடவில்லை. கேது தசையும் ஏழு ஆண்டு, செவ்வாய் தசையும் ஏழு ஆண்டு. 2036இல் இருவருக்கும் தொடங்குகிற இந்த இரண்டும் 2043இல் முடிகின்றன. அவருக்கு ஜூனில் சுக்கிர தசையும் உங்களுக்கு டிசம்பரில் ராகு தசையும் வருகின்றன. அதே ஆறரை மாத இடைவெளி மறுபடியும் அமைகிறது. 2036இல் சந்தி என்று பயமுறுத்துபவர் 2043ஐயும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதிலிருந்து, அவர் இரு தசைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முழுவதும் ஓட்டிப் பார்க்கவில்லை என்று தெரிகிறது.

வயது வித்தியாசம் பெரிதாக இருக்கும்போது நான் அந்தப் பட்டியல்களைப் பக்கத்தில் வைத்து ஓட்டுவது சந்தியைத் தேடுவதற்காக மட்டும் அல்ல. ஒவ்வொரு தசை மாற்றத்துக்கும் நேராக இருவருடைய வயதையும் எழுதுவேன். 2036 டிசம்பரில் அவருக்கு 58, உங்களுக்கு 40. தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்பதால், கேது தசை தொடங்கி இரண்டு ஆண்டில் அவர் ஓய்வு வயதை எட்டுகிறார். உங்களுக்கோ செவ்வாய் தசை, வேலையில் ஏறுமுகமாக இருக்கக்கூடிய பருவம். 2028இல் உங்களுக்குக் குழந்தை பிறந்தால், 2043இல் அது படிவம் மூன்றில் இருக்கும். அவருக்கு 65, உங்களுக்கு 47. ஒருவர் ஒதுங்க நினைக்கும் தசையும் மற்றவர் ஓட நினைக்கும் தசையும் சேர்ந்து வரும் ஆண்டுகள் எவை என்பதை முன்கூட்டியே காட்டுவதுதான், இத்தகைய ஜோடிக்கு ஒரு ஜோதிடர் செய்யக்கூடிய உருப்படியான காரியம். இதைச் சொல்ல ஜாதகம் எதற்கு, கூட்டல் கழித்தல் போதுமே என்று நீங்கள் கேட்டால் என்னிடம் மறுப்பு இல்லை. ஆனாலும் அம்மாக்கள் கூட்டல் கழித்தலைவிடத் தசைப் பட்டியலைத்தான் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

மாங்கல்ய பலம் என்று உங்கள் ஜோதிடர் தொட்ட இடத்துக்கு வருகிறேன். அம்மாவின் அழுகைக்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். பெண் ஜாதகத்தில் எட்டாமிடம் மாங்கல்ய ஸ்தானம். அதன் அதிபதி, அங்கிருக்கும் கிரகங்கள், அதைப் பார்க்கும் கிரகங்கள் ஆகியவற்றைக் கொண்டு பலம் சொல்வது மரபு. அது உங்கள் ஜாதகத்துக்குள்ளேயே முடிகிற ஆய்வு. வருபவருக்கு 30 வயதா 47 வயதா என்பதால் அதன் பலன் மாறுவதில்லை. "வயது வித்தியாசம் அதிகம், அதனால் மாங்கல்ய பலம் பார்க்க வேண்டும்" என்பது இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக முடிச்சுப் போடுவது. இந்த நாட்டில் ஆண்களின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 73, பெண்களுக்குச் சுமார் 78. உங்களவருக்கு 73 ஆகும்போது உங்களுக்கு 55 ஆகியிருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் நீண்ட காலம் தனியாக இருக்க நேரலாம் என்பது உண்மை; அதைச் சொல்ல எட்டாமிடம் தேவையில்லை. அதைத் தோஷம் என்ற பெயரில் சொல்லும்போது, பெண்ணின் ஜாதகத்தில் ஏதோ குறை என்பதுபோல ஆகிவிடுகிறது. அது எனக்கு உடன்பாடில்லை. ஆயுளைக் கணிக்க அற்பாயுள், மத்திமாயுள், பூர்ணாயுள் என்ற வகைகள் நூல்களில் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். ஆனால் பொருத்தம் பார்க்க வந்தவர்களிடம் அந்தக் கணக்கைப் பேசக்கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொல்லியிருக்கிறார். நான் இதுவரை மீறியதில்லை.

ஏழரைச் சனியிலும் இதே குழப்பம் நடக்கும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு மேஷ ராசி, திருக்கணிதப்படி 2025 மார்ச்சில் ஏழரை தொடங்கிவிட்டது. நீங்கள் பிறந்தபோதும் சனி மீனத்தில்தான் இருந்தது என்பதால் இது இரண்டாம் சுற்று. பொங்கு சனி என்பார்கள். அவருடைய துலாத்துக்கு இரண்டாம் சுற்று 2017இல் முடிந்தது, மூன்றாவது 2038-39 வாக்கில் தொடங்கும். மூன்றாம் சுற்றுக்கு மரணச் சனி என்று ஒரு பெயர் இருக்கிறது; யாராவது அந்தப் பெயரை அம்மாவின் காதில் போடக்கூடும். சனி ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 30 ஆண்டு ஆகிறது என்பதால், மூன்றாம் சுற்று அறுபதுக்கு மேல் வாழும் பலரும் சந்திக்கிற ஒன்று. உங்கள் இருவர் ராசியும் நேர் எதிர் ராசிகள் என்பதால், ஏழரை இருவருக்கும் ஒருசேர வரவே வராது.

வயது இடைவெளியை ஜாதகம் ஆதரிக்கிற இடமும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் ஒருதலையாகிவிடும். உங்களுக்கு மீன லக்னம். லக்னத்தில் சனியும் கேதுவும், ஏழாமிடமான கன்னியில் ராகுவும் இருக்கின்றன. சனி தன் ஏழாம் பார்வையால் களத்திர ஸ்தானத்தைப் பார்க்கிறது. ஏழாமிடத்துக்குச் சனியின் தொடர்பு இருந்தால் திருமணம் தாமதமாகும் அல்லது வயதில் மூத்த துணை அமையும் என்பது மரபான பலன். அப்படிப்பட்ட பெண்ணுக்கு மூத்தவரைக் கட்டிவைப்பதே சரி என்று வாதிடும் ஜோதிடர்களும் இருக்கிறார்கள். உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக இதை அப்படியே ஏற்றுக்கொள்ளும்படி நான் சொல்லமாட்டேன். சனி மீனத்தில் இரண்டு ஆண்டுக்கும் மேல் இருந்தது. அந்த நாட்களில் தினமும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மீன லக்னம் உதித்தது. அந்த நேரங்களில் பிறந்த பெண்கள் அத்தனை பேரும் மூத்தவர்களைக் கட்டிக்கொள்ளப்போவதில்லை. தவிர, ராகு ஒரு சுற்று வர பதினெட்டரை ஆண்டு ஆகும் என்பதால், உங்களைவிட 18 ஆண்டு மூத்த அவருக்கும் ராகு கன்னியில், கேது மீனத்தில் இருப்பதைப் பார்ப்பீர்கள். "இருவருக்கும் ஒரே நாக அமைப்பு, என்ன அதிசயம்" என்று யாராவது வியந்தால், அது 18 ஆண்டு இடைவெளியின் இயல்பான விளைவு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எண் கணிதம் பார்ப்பவர் சொன்னதற்குப் பதில் இன்னும் சுருக்கமானது. அவர்களுடைய முறையில் பிறந்த தேதியின் கூட்டு பிறவி எண். தேதி, மாதம், ஆண்டு எல்லாவற்றின் கூட்டு விதி எண். ஆண்டு விதி எண்ணில் மட்டுமே சேருகிறது. 1978ஐக் கூட்டினால் 25, அதாவது 7. 1996ஐக் கூட்டினாலும் 25, அதே 7. ஒற்றை இலக்கமாகச் சுருக்கும் எந்த முறையிலும் 9இன் மடங்கு மறைந்துபோகும் என்பது நம் பிள்ளைகளும் கணக்குப் பாடத்தில் காணக்கூடியது. உங்களவர் அதே ஜூன் 17இல் 1996இல் பிறந்திருந்தாலும் அவருடைய விதி எண் மாறியிருக்காது. எல்லா இடைவெளிகளிலும் எண் கணிதத்தின் கண்ணுக்கே தெரியாத இடைவெளிகள் 9, 18, 27. உங்களுடையது அதில் ஒன்று.

இது அந்த எண் கணிதக்காரருக்கும் தெரிந்திருக்கலாம். அதனால்தான் விதி எண்ணை விட்டுவிட்டு, இடைவெளியையே ஒரு எண்ணாக எடுத்துக் கூட்டியிருக்கிறார். வயது வித்தியாசத்தைக் கூட்டிப் பலன் சொல்வது அந்த முறையின் அடிப்படைக் கணக்குகளில் ஒன்றல்ல. முறையென்றே வைத்துக்கொண்டாலும் நிற்காது. உங்களவர் பிறந்தது ஜூன் 17, நீங்கள் பிறந்தது செப்டம்பர் 1. ஆண்டுதோறும் அந்த இரண்டரை மாதத்தில் அவருக்கு ஒரு வயது கூடியிருக்கும், உங்களுக்குக் கூடியிருக்காது. அப்போது வித்தியாசம் 19, கூட்டு 1, அது சூரியனின் எண். செப்டம்பர் பிறந்ததும் மறுபடி 18, மறுபடி செவ்வாய். ஒரு தம்பதியின் குணம் ஆண்டுக்கு இருமுறை இப்படி மாறும் என்று எண் கணிதக்காரரே சொல்லத் துணியமாட்டார்.

அவர் முறைக்கு உண்மையில் உறுத்தக்கூடியது வேறொன்று. 17ஆம் தேதியின் எண் 8, சனி. 1ஆம் தேதியின் எண் 1, சூரியன். இவை இரண்டும் பகை என்பது அவர்களுடைய பால பாடம். ஆனால் உங்களவர் உங்களைவிட ஒரே ஆண்டு மூத்தவராக இருந்து, 17ஆம் தேதி பிறந்திருந்தாலும் இதே பகைதான் வந்திருக்கும். வயதுக்கு அதில் பங்கு இல்லை. பெயரை மாற்றினாலும் இருவருடைய பிறந்த தேதி மாறப்போவதில்லை என்பதால், எண் கணிதக்காரர் சொல்கிற நோய்க்கு அவர் கொடுக்கிற மருந்து பொருந்தவில்லை. அடையாள அட்டையில் ஓர் எழுத்து, திருமண அழைப்பிதழில் வேறோர் எழுத்து என்று வைத்துக்கொண்டு பிறகு பதிவு அலுவலகத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வெள்ளியை வேறெதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தோழி சொன்னதில், அவர்கள் முறைப்படி, பிழை எதுவும் இல்லை. இந்த மூன்று முறைகளில் வயது வித்தியாசத்தை நேரடியாகக் கணக்கில் எடுப்பது சீனர்களுடையதுதான். பிறந்த ஆண்டின் விலங்கை வைத்துப் பார்ப்பதால், இடைவெளியை 12ஆல் வகுத்து மிச்சத்தைப் பார்ப்பதுபோல் ஆகிறது. மிச்சம் 4 அல்லது 8 என்றால் நல்ல சேர்க்கை. 6 என்றால் நேர் எதிர் விலங்கு, மோதல். 18ஐ 12ஆல் வகுத்தால் மிச்சம் 6. அவர் குதிரை, நீங்கள் எலி. ஆனால் அங்கேயும் இடைவெளி பெரிதா சிறிதா என்பது பொருட்டல்ல: 6 ஆண்டு இடைவெளியும் 18 ஆண்டு இடைவெளியும் ஒரே மோதல், 20 ஆண்டு இடைவெளியோ அமோகம். நீங்கள் இன்னும் இரண்டு ஆண்டு பிந்திப் பிறந்து, வித்தியாசம் கூடியிருந்தால், தோழி கைகுலுக்கி வாழ்த்தியிருப்பாள். ஒரே 18, ஒரு முறையில் கண்ணுக்கே தெரியவில்லை, இன்னொன்றில் மோதல், நம் முறையில் பத்துப் பொருத்தத்துக்கு வெளியே நிற்கிறது. ஒரு முறையின் பயத்தை எடுத்து இன்னொரு முறையின் பரிகாரத்தோடு சேர்க்காமல் இருந்தால், பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: உங்களவருடைய ஜாதகத்தை மறுபடி கணிக்கச் சொல்லுங்கள். அவர் அம்மா குறித்துவைத்த கடிகார நேரத்தை அப்படியே கொடுங்கள். நீங்களே அரை மணியைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம், அப்படிச் செய்துவிட்டுப் பிறகு ஜோதிடரும் ஒருமுறை கழித்து, பிழை இரட்டிப்பான தாள்களும் என்னிடம் வந்திருக்கின்றன. ஊர் ஜோர்ஜ் டவுன் என்றும், நேர வலயம் GMT+7:30 என்றும் போடச் சொல்லி, அச்சான தாளின் மூலையில் அது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதன் பிறகு உங்கள் தாளையும் அவருடைய தாளையும் உங்கள் ஜோதிடரிடமே திரும்பக் கொண்டுபோங்கள். அவர் பொருத்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர். கோபப்படமாட்டார் என்று நம்புகிறேன். இரண்டு தசைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே இருவர் வயதையும் எழுதித் தரும்படி கேளுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் உட்காருங்கள். 2036க்கும் 2043க்கும் நேரே வரும்போது அம்மா எதைக் கேட்கிறார் என்று கவனியுங்கள். அநேகமாக, "அப்போது வீட்டுக் கடனை யார் கட்டுவது, பிள்ளையை யார் பார்ப்பது" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. உங்களவரையும் பக்கத்தில் உட்காரவைத்து அங்கேயே கேளுங்கள்.